இலையான் மொய்க்காத பாரை

வாசகி எழுதுகிறார்:

"வணக்கம் டொக்டர். நான் மல்லாவிப் பக்கம். மூன்று கிழமைக்கு முன், மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரரிடம் மத்தியானம் போல சூரைத் துண்டு வாங்கிக் கறி வைத்தேன். ஒரு கெட்ட மணமும் இல்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் என்னுடைய ஆறு வயது மகனுக்கும் கணவருக்கும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடித்து, தலையிடி வந்தது. மகன் சத்தியும் எடுத்தான். பின்னேரம் தானாகச் சரியாகிவிட்டது. பிறகு போன சனிக்கிழமை சந்தையில் ஒரு பாரை வாங்கினேன். அன்று கரண்ட் இல்லை, மீன் பின்னேரம் வரை குசினி மேசையிலேயே கிடந்தது. ஒரு இலையான் கூட வரவில்லை, மணமும் மாறவில்லை. வெட்டும்போது மூக்கு எரிந்தது. பொரித்தால் றப்பர் மாதிரி இருந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியான தங்கச்சியும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டாள். மீதி பிரிட்ஜில் இருக்கிறது. எல்லாம் மீன் கெடாமல் இருக்கப் போடுகிற போமலின் மருந்துதான், இனி மீனே வேண்டாம், புற்றுநோய் வரும் என்கிறார் கணவர். உப்பும் வினாகிரியும் போட்டு ஊற வைத்தால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அன்ரி. விற்றவர் தெரிந்த ஆள், கஷ்டப்பட்ட குடும்பம். முறைப்பாடு செய்வதா, விடுவதா?"

தங்கச்சி, உங்கள் வீட்டில் நடந்தது இரண்டு வேறு வேறு சம்பவங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் எல்லோரும் அதை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்க்கிறேன். இல்லாவிட்டால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்துகொண்டிருப்பீர்கள்.

சூரையில் நடந்தது போமலின் இல்லை

அரை மணித்தியாலத்துக்குள் முகம் சிவப்பது, உடம்பு கடிப்பது, தலையிடி, சத்தி, பிறகு அதே நாளில் சரியாகிவிடுவது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை ஹிஸ்டமின் நஞ்சாதலுக்கு அப்படியே பொருந்துகிறது. போமலின் வயிற்றுக்குள் போனால் அது செய்வது வேறு. வாய், தொண்டை, இரைப்பை எல்லாம் எரியும், வயிறு நோகும், சத்தி வரும். உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பிக் கடிப்பது அதன் வழமையான குணம் இல்லை.

சூரை, கும்பளா, அறக்குளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயற்கையாகவே நிறைய உண்டு. பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். எங்களுக்கு ஒவ்வாமை வரும்போது உடம்பே வெளிவிடுகிற அதே பொருள்தான் அது. அதனால்தான் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒவ்வாமை வந்ததுபோல இருந்தது. மீன் மணக்கத் தொடங்குவதற்கு முன்பே ஹிஸ்டமின் சேர்ந்திருக்கலாம். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சிலருக்கு வாயில் மிளகு கடித்ததுபோல ஒரு உறைப்பு மட்டும் தெரியும். மகனிடம் கேட்டுப் பாருங்கள், "கறி உறைக்குது" என்று அன்றைக்குச் சொன்னானா என்று.

ஏன் இப்படி நடக்கிறது என்றால் ஐஸ் போதாமல்தான். மீன் கெடுகிற வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 30 பாகை வெயிலில் மீன் ஐஸில் இருப்பதைவிட ஏறத்தாழ பதினாறு மடங்கு வேகமாகக் கெடும். வெளியில் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தால் அது ஐஸில் ஒரு முழு நாள் கிடந்ததற்குச் சமம். விடிய முல்லைத்தீவுக் கரையில் இறங்கிய மீன் மாங்குளம் றோட்டால் வந்து, சந்தியில் கொஞ்சம், ஊருக்குள் கொஞ்சம் என்று விற்று, மத்தியானம் உங்கள் படலைக்கு வருகிறது. பெட்டியில் பெயருக்கு இரண்டு ஐஸ் கட்டி மட்டும் இருந்திருந்தால், ஆறு மணித்தியாலத்தில் அந்த மீன் ஐஸில் நாலு நாள் கிடந்த மீனாகிவிடும். மீன்காரர் பொய் சொல்லவில்லை, "இண்டைக்குப் பிடிச்சது" என்று அவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம்.

இன்னொரு முறை இப்படி வந்தால் ஆஸ்பத்திரியில் "மீன் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் வந்தது, வீட்டில் இத்தனை பேருக்கு வந்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ, நாக்கு வீங்கினாலோ யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், போமலினைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்கள் ஐஸைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஐஸ் இல்லாத இடத்தில்தான் ஒருவருக்கு போமலின் போடுகிற எண்ணமும் வரும். அப்படிப் போட்டாலும் அது பக்டீரியாவைத்தான் நிறுத்தும். அதற்கு முன் சேர்ந்த ஹிஸ்டமின் அப்படியே இருக்கும், மணம்தான் மறைந்துபோகும்.

பாரையில்தான் எனக்குச் சந்தேகம்

மருத்துவபீடத்தில் முதலாம் வருடம் உடற்கூற்றுக் கூடத்துக்குள் காலடி வைத்த அன்றைக்கு, கதவைத் திறந்ததுமே எங்கள் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. யாரும் அழவில்லை. சடலங்களைப் பதப்படுத்திய போமலினின் ஆவி அது. மூக்கின் மேற்பகுதியில், புருவத்துக்கு நடுவே குத்துவதுபோல ஒரு எரிவு. பிறகு தசையைத் தொட்டுப் பார்த்தோம். பச்சை இறைச்சியின் இளக்கம் ஒன்றுமில்லை, விரலால் அமுக்கினால் உள்ளே போகாது, கத்தியால் வெட்டினால் நார் நாராகப் பிரியாமல் அழிறப்பரை வெட்டியதுபோல ஒரே சீராக வெட்டுப்படும். நிறம் சாம்பல். நீங்கள் "மூக்கு எரிந்தது, றப்பர் மாதிரி இருந்தது" என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்தக் கூடம்தான் ஞாபகம் வந்தது.

போமலின் என்பது போமல்டிகைட்டு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. கடையில் வருகிற கரைசலில் ஏறக்குறைய 37 முதல் 40 வீதம் அந்த வாயு இருக்கும், கெட்டியாகாமல் இருக்க மெதனோலும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். ஆஸ்பத்திரிகளில் இழையங்களைப் பாதுகாக்க, கோழிக் கூடுகளில் கிருமி கொல்ல, பலகை ஒட்டும் பசை செய்ய என்று அதற்கு முறையான பாவனை நிறைய உண்டு. அது புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று பாலம் போட்டதுபோலக் கட்டிவிடும். கட்டுப்பட்ட புரதத்தைப் பக்டீரியாவால் உடைக்க முடியாது, அந்தப் பக்டீரியாவும் உயிரோடு இருக்காது. மீன் மணம் என்று நாங்கள் சொல்வதே பெரும்பாலும் பக்டீரியாக்கள் மீனின் தசையை உடைக்கும்போது வருவதுதான். பக்டீரியா செத்தால் மணமும் வராது. மனிதச் சடலத்தையும் மீனையும் அது ஒரே மாதிரித்தான் கையாளும்.

ஆனால் உங்கள் பாரையில் போமலின் இருந்தது என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஐஸில் அழுத்தி வைத்து, பிறகு உறைந்து, உருகி, திரும்ப உறைந்த மீனும் பொரிக்கும்போது தண்ணீர் வற்றி நாராகப் போகும். ஐஸ் தண்ணீரில் வேறு எதையாவது, அமோனியாவையோ வெளுக்கும் மருந்தையோ கலந்திருந்தாலும் மூக்கு எரியும். எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு குறியால் இல்லை, மூன்றும் ஒரே மீனில் சேர்ந்து வந்ததால்தான்: வெட்டும்போது எரிவு, ஒரு பகல் முழுக்க வெளியில் கிடந்தும் மணம் மாறாமை, சமைத்த பிறகும் இறுக்கம். ஐஸில்லாமல் மேசையில் ஏழெட்டு மணித்தியாலம் கிடந்த பாரை பின்னேரம் மணத்திருக்க வேண்டும். மணக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகும்

போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது உண்மை. உங்கள் கணவர் சொன்னதில் அந்தப் பகுதி சரி. ஆனால் அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம் வருடக்கணக்காக அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் வருகிற புற்றுநோய், இரத்தப் புற்றுநோய் ஆகியவைதான் அவர்களில் காணப்பட்டன. ஒரு நேரம் மீன் சாப்பிட்டவருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

வயிற்றுக்குள் போவதற்கு வேறு அளவு இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு நாளும் உட்கொண்டாலும் தீங்கு வராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளுக்கு 0.2 மில்லிகிராம். உங்கள் மகன் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்கு 4 மில்லிகிராம். நூறு கிராம் மீன் துண்டு ஒன்று அவன் சாப்பிடுகிறான். அந்த மீனில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் போமல்டிகைட்டு இருந்தால் அவன் வயிற்றுக்குள் போவது 0.4 மில்லிகிராம், எல்லைக்கு மிகக் கீழே. அதே மீனில் கிலோவுக்கு 100 இருந்தால் 10 மில்லிகிராம் போகிறது, எல்லையைப் போல இரண்டரை மடங்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எல்லை 10 மில்லிகிராம், ஆகவே அதே துண்டைச் சாப்பிட்டால் அவர் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பார். ஒரே சட்டியில் இருந்து பரிமாறினாலும் பிள்ளைக்குத்தான் பாரம் கூட.

கிலோவுக்கு 4, 100 என்ற இந்த இரண்டு இலக்கத்தையும் நான் சும்மா எடுக்கவில்லை. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை மீனுக்கு வைத்த இரண்டு எல்லைகள் அவை. போமலின் யாரும் போடாவிட்டாலும் மீனின் தசையில் போமல்டிகைட்டு தானாகவே கொஞ்சம் உண்டாகும். பெரும்பாலான மீன்களில் அது மிகக் குறைவு, அவற்றுக்கு எல்லை 4. சில வகை மீன்களில், முக்கியமாக உறைய வைத்தால், இயற்கையாகவே அதிகம் சேரும். அவற்றுக்குத்தான் 100. ஆகவே "சோதனையில் போமலின் என்று வந்தது" என்ற ஒரு வரியை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கவும் முடியாது. எந்த மீன், எவ்வளவு என்பது தெரிய வேண்டும்.

உங்கள் தங்கச்சியைப் பற்றி. உடம்புக்குள் போன போமல்டிகைட்டு தேங்கி நிற்பதில்லை. எங்கள் உடம்பே அதைச் சிறு அளவில் உண்டாக்குகிறது, வந்ததைச் சில நிமிடங்களில் போர்மிக் அமிலமாக மாற்றி வெளியேற்றவும் தெரிந்து வைத்திருக்கிறது. ஒரு நேரம் கொஞ்சம் சாப்பிட்டதற்காகத் தனியாக ஸ்கான் எடுக்கவோ, இரவு நித்திரை இல்லாமல் கிடக்கவோ வேண்டியதில்லை. அடுத்த கிளினிக் நாளில் சொல்லட்டும், அது போதும். வயிற்று எரிவோ தொடர்ந்து சத்தியோ இருந்தால் மட்டும் அதற்கு முன்பே போகட்டும். நான் கவலைப்படுவது கிழமைக்கு மூன்று நாள், வருடக்கணக்காக, இரைப்பையின் உட்சவ்வு திரும்பத் திரும்ப எரிவுபடுகிற வீட்டைப் பற்றி. அதைவிட, வெறுங்கையால் அந்தக் கரைசலுக்குள் மீனை முக்கி எடுக்கிறவரைப் பற்றி. ஆவியைச் சுவாசிக்கிறவர் அவர்தான்.

பக்கத்து வீட்டு அன்ரி சொன்னதில் பாதி சரி. புரதத்தோடு இன்னும் கட்டுப்படாத போமல்டிகைட்டு தண்ணீரில் கரையும், ஊற வைத்தால் ஒரு பகுதி போகும். திறந்து கொதிக்க வைத்தால் இன்னொரு பகுதி ஆவியோடு போகும், அதைச் சமைக்கிறவர் சுவாசிப்பார். தசையோடு கட்டுப்பட்டது உப்புக்கும் வினாகிரிக்கும் மஞ்சளுக்கும் அசையாது. மீனைக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு வைப்பது நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் சந்தேகமான மீனை "ஊற வைத்தால் சரி" என்று வாங்க வேண்டாம்.

வாங்கும்போது என்ன பார்ப்பது

நல்ல மீனின் அடையாளம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண் தெளிவு, பூச் சிவப்பு, தசை இறுக்கம். போமலின் போட்ட மீனில் இந்தப் பட்டியல் ஏமாற்றும், ஏனென்றால் அந்தத் தசையும் இறுக்கமாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு குறியையும் தனித்தனியாகப் பார்க்காமல், குறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மீன் தன்பாட்டில் கெடும்போது எல்லாம் சேர்ந்துதான் கெடும். கண் குழி விழும், செவுள் மண்ணிறமாகும், சளி தடித்து மஞ்சளாகும், வயிறு இளகும், மணம் ஏறும். புது மீனிலும் எல்லாம் சேர்ந்தே இருக்கும். பிடித்துச் சில மணித்தியாலத்துக்குள் மீன் கட்டை மாதிரி விறைப்பாக இருப்பது இயற்கை, அதைப் பார்த்து போமலின் என்று பயப்பட வேண்டாம். அந்த நேரம் கண் வெளியே தள்ளிப் பளபளக்கும், செவுள் இரத்தச் சிவப்பாக ஈரமாக இருக்கும், மேலெல்லாம் தெளிவான வழுவழுப்பு இருக்கும், கடல் மணம் இருக்கும்.

சந்தேகப்பட வேண்டியது இந்தக் கூட்டணி உடைந்த மீனை. தசை இன்றைக்குப் பிடித்ததுபோல விறைப்பு, ஆனால் கண் மங்கி உள்ளே போயிருக்கிறது. பெருவிரலால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் பூ வெளிறி அல்லது கறுத்து, ஈரமில்லாமல் காய்ந்த நூல்போல ஒட்டிக் கிடக்கிறது. மேலே சளியே இல்லை, தோல் துடைத்து எடுத்ததுபோல இருக்கிறது. மூக்கைச் செவுளுக்குக் கிட்டக் கொண்டுபோனால் நல்ல மணமும் இல்லை, கெட்ட மணமும் இல்லை, அல்லது மூக்கின் மேல்பக்கத்தில் குத்துகிறது. வயதான கண்ணும் இளந்தாரித் தசையும் ஒரே மீனில் இருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

இதிலும் சில விதிவிலக்கு உண்டு. ஐஸ் உருகிய தண்ணீர் செவுளைக் கழுவி வெளிறச் செய்யும், ஐஸ் கட்டி நேரே பட்டால் கண்ணும் மங்கும். அப்படியான மீனில் தசையும் கொஞ்சம் இளகியே இருக்கும், மெல்லிய மணமும் இருக்கும். மற்றக் குறிகளோடு வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். துண்டாக வெட்டி விற்கும் மீனில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே பெரிய மீன் வாங்குவதென்றால் தலையோடு கிடக்கும்போது பார்த்து, கண்ணுக்கு முன்னால் வெட்டி வாங்குங்கள்.

இலையான் விஷயம். போமலின் மீனில் இலையான் குறையும் என்பது உண்மை, ஆனால் நல்ல ஐஸ் போட்ட மீனிலும் குறையும், காற்றடிக்கும் நாளிலும் குறையும், பக்கத்தில் கருவாட்டுக் கடை இருந்தாலும் அங்கே போய்விடும். உங்கள் குசினி மேசையில் ஐஸும் இல்லாமல், காற்றும் இல்லாமல் ஒரு பகல் முழுக்க வரவில்லை என்றால் அதற்கு மதிப்பு உண்டு. சந்தையில் ஐந்து நிமிடம் பார்த்துச் சொல்வதற்கு அது உதவாது. பூனைக்குப் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான், பசித்த பூனை எதையும் தின்னும்.

நான் மீனுக்கு முன்னால் பெட்டியைப் பார்க்கிற ஆள். றெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்த கணத்தில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். அடைபட்டிருந்த ஆவி அந்த முதல் மூச்சில்தான் தெரியும், இரண்டு நிமிடம் திறந்து கிடந்தால் கலைந்துவிடும். கண் கரித்தால் அதுவே போதும். பிறகு ஐஸைப் பாருங்கள். மீன் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஐஸ் எங்கள் வெக்கைக்கு வேண்டும், கீழே ஒரு படை, மீன், மேலே ஒரு படை என்று. பாதிப் பெட்டி மீனுக்கு ஒரு கைப்பிடி ஐஸ் போட்டு, நேரம் மத்தியானம் ஆகியும் மீன் மணக்காமல் இறுக்கமாக இருக்கிறது என்றால், அது எப்படி முடிகிறது என்று உங்களுக்கு நீங்களே கேட்டுப்பாருங்கள். விற்கிறவரின் கையையும் ஒருதரம் பாருங்கள். நாள்தோறும் போமலினில் படுகிற கையின் தோல் தடித்து வெடிக்கும், நகம் மண்ணிறமாகும். மீன் வேலை செய்கிற கை எப்படியும் காய்த்துத்தான் இருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம்.

மீனை விட்டுவிடுவது என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, அதுவும் கர்ப்பிணியும் வளர்கிற பிள்ளையும் உள்ள வீட்டில். கடல் மீனில் ஒரு கிழமை சந்தேகம் வந்தால் உங்களுக்குக் கிட்டவே வவுனிக்குளம் இருக்கிறது. விடியப் பிடித்த திலாப்பியாவோ விராலோ துடிக்கத் துடிக்கக் கிடைக்கும்போது அதில் யாரும் மருந்து போட வேண்டிய தேவையே இல்லை. சூடை, சாளை போன்ற சின்ன மீன்களை முழுசாக வாங்கும்போது கண்ணும் செவுளும் வயிறும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். ஆனால் சாளையிலும் ஹிஸ்டமின் சேரும், அதை மத்தியான வெயிலில் வாங்க வேண்டாம்.

முறைப்பாடு செய்யுங்கள், ஆனால் ஆளைக் குறிவைத்து வேண்டாம்

விற்றவர் பாவப்பட்டவர் என்று நீங்கள் தயங்குவது எனக்கு விளங்குகிறது. அவர் கரையில் வாங்கினாரா, இடையில் மொத்த வியாபாரியிடம் வாங்கினாரா, ஐஸோடு சேர்த்து வாங்கினாரா என்று உங்களுக்குத் தெரியாது. கரைசல் கலந்த தண்ணீரில் செய்த ஐஸை வாங்கியவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போகலாம். 2018இல் கேரளாவில் போமலின் கலந்த மீன் பிடிபட்டது பெரும்பாலும் எல்லைச் சோதனைச் சாவடிகளில், லொறிகளில். தெருவில் கூவி விற்கிற பெண்களிடம் தேடியிருந்தால் மூலத்தைப் பிடித்திருக்க முடியாது. ஆகவே பேஸ்புக்கில் படம் போட்டு அந்த மனிதரின் பெயரை எழுதுகிற வேலையை மட்டும் செய்ய வேண்டாம், யாரையும் செய்யவிடவும் வேண்டாம். நிரூபிக்க முடியாவிட்டால் நீங்கள்தான் மாட்டுவீர்கள், அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் போய்விடும். உண்மையில் கலந்தவர் அந்தக் கிழமை மட்டும் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த கிழமை தொடங்குவார்.

போக வேண்டிய இடம் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாங்கள் பி.எச்.ஐ. என்கிறவர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்குச் சந்தைக்குள் போய் மாதிரி எடுக்கவும், ஆய்வுக்கு அனுப்பவும் அதிகாரம் கொடுக்கிறது. மீனில் போட அனுமதிக்கப்பட்ட பொருட்களில் போமலின் இல்லை, எவ்வளவு குறைவாகப் போட்டாலும் குற்றம்தான். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லலாம், ஆனால் மாதிரி எடுக்கிற வேலையைத் தொடங்கி வைக்க பி.எச்.ஐ. தான் உங்களுக்குக் கிட்ட இருக்கிறவர்.

ஒரு பிழையான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். உங்கள் பிரிட்ஜில் இருக்கும் துண்டை வைத்து வழக்குப் போட முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு அதில் யார் என்ன செய்தார்கள் என்று எதிர்த்தரப்புக் கேட்கும். வழக்குக்கு வேண்டியது அதிகாரி தானே கடையில் முறைப்படி எடுத்து முத்திரை வைத்த மாதிரி. உங்கள் துண்டின் வேலை, எந்த நாள், எந்தச் சந்தை, எந்தப் பெட்டியை அவர் பார்க்க வேண்டும் என்று காட்டுவது. அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மீதித் துண்டை ஒரு சுத்தமான பொலித்தீன் பையில் போட்டுக் காற்றில்லாமல் கட்டி, அதற்கு மேல் இன்னொரு பை போட்டு, ஐஸ் பிடிக்கிற தட்டிலேயே வையுங்கள். சமைத்ததை வைக்க வேண்டாம், பச்சை மீன்தான் உதவும். ஒரு தாளில் வாங்கிய திகதி, நேரம், சந்தையில் எந்தப் பக்கம், என்ன விலை, என்ன மீன், எத்தனை மணி வரை வெளியில் கிடந்தது, வெட்டும்போது என்ன உணர்ந்தீர்கள், யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். சூரைச் சம்பவத்தைத் தனித் தாளில் எழுதுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம், கலந்தால் வாசிக்கிற அதிகாரியும் உங்கள் கணவரைப்போலக் குழம்பிவிடுவார். நேரில் போய்க் கொடுத்து, கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். முறைப்பாட்டில் "இன்னார் போமலின் போட்டார்" என்று எழுதாமல் "இந்த மீனில் இப்படி இருந்தது, சந்தைக்கு மீனும் ஐஸும் வரும் வழியைப் பார்க்கவும்" என்று எழுதினால், அந்தக் குடும்பமும் சந்திக்கு வராது, பார்க்க வேண்டிய இடமும் தப்பாது. சனிக்கிழமைச் சந்தை என்பதால் வியாழனுக்கு முன் கொடுத்துவிடுங்கள், அவர் அந்தச் சனிக்கே வர நேரம் இருக்கும்.

அவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை அந்தத் துண்டை யாரும் எடுத்துப் பொரித்துவிடாமல் பைக்கு மேல் பெரிதாக எழுதி வையுங்கள். முறைப்பாட்டுக்குத் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டால் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுங்கள், கோழிக்கோ நாய்க்கோ போட வேண்டாம்.